ஒரே லிஃப்டுக்கு மூன்று விலை: கொட்டேஷன் கேட்டு எழுதும் கடிதம்

மதுரையில் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கட்டிய அடுக்குமாடிகளில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் சமயத்தில் வழக்கமாக நடப்பது இது. தொகை ஏறிவிட்டது என்று ஒருவர் சொல்வார். "வேற ரெண்டு இடத்துலயும் கொட்டேஷன் வாங்கிப் பாருங்க சார்" என்று கூட்டத்தில் முடிவாகும். செயலாளர் நாலு பேரிடம் நம்பர் வாங்கி போன் போடுவார். ஒரு வாரத்தில் மூன்று தாள்கள் வந்துவிடும். ஒன்றில் வருஷத்துக்கு 30,000 ரூபாய், அடுத்ததில் 48,000, மூன்றாவதில் 54,000. முப்பதாயிரத்துக்கே செய்கிறேன் என்று ஒருவர் வரும்போது ஐம்பத்து நாலு எதற்கு என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. முப்பதாயிரம் தேர்வாகிவிடும்.

அந்த மூன்று தாள்களும் ஒரே வேலைக்குச் சொன்ன விலைகள் அல்ல. முதல் தாள், மாதம் ஒருமுறை ஆள் வந்து துடைத்து, எண்ணெய் விட்டு, சரிபார்த்துப் போவதற்கு மட்டும். எந்தப் பாகம் போனாலும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். மூன்றாவது தாள் பெரும்பாலான பாகங்களையும் சேர்த்தது. இரண்டாவது அதற்கு நடுவில் எங்கோ நிற்கிறது. தலைப்பில் மூன்றுமே 'ஆண்டு பராமரிப்பு' என்றுதான் இருக்கும். உண்மையான வித்தியாசம் இரண்டாம் பக்கத்தின் அடியில், 'இவை சேராது' என்ற சின்ன எழுத்துப் பத்தியில் கிடக்கும்.

ஆகவே செயலாளர் கையில் எடுக்க வேண்டியது போன் அல்ல, கடிதம். வேலையின் அளவை நிறுவனம் சொல்லக் கூடாது. சங்கம் சொல்ல வேண்டும். நிறுவனம் விலையை மட்டும் சொன்னால் போதும். அரசுத் துறைகள் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது இதைத்தான் செய்கின்றன. வேலை விவரமும் நிபந்தனைகளும் எல்லோருக்கும் ஒரே ஆவணமாகப் போகும், அதில் விலையை நிரப்பித் தருவார்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 குடியிருப்போர் சங்கத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த வழக்கத்தை நாமும் எடுத்துக்கொள்வதில் தடை ஒன்றும் இல்லை.

கடிதம் எழுத உட்காருமுன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, நம் லிஃப்ட் என்ன லிஃப்ட் என்பது. எத்தனை பேருக்கானது, எத்தனை நிறுத்தம், கதவு தானாகத் திறப்பதா கையால் இழுப்பதா, மொட்டை மாடியில் மெஷின் ரூம் இருக்கிறதா, கன்ட்ரோலர் எந்தக் கம்பெனியுடையது என்பதெல்லாம் வேண்டும். கேபினுக்குள் இருக்கும் தகட்டில் '6 பேர், 408 கிலோ' என்றோ '8 பேர், 544 கிலோ' என்றோ இருக்கும். ஆளுக்கு 68 கிலோ என்பது நம் நாட்டுக் கணக்கு. இரண்டாவது, போன இரண்டு வருஷத்தில் என்ன என்ன கெட்டது என்பது. அது செக்யூரிட்டி மேஜையில் இருக்கும் லிஃப்ட் நோட்டில் கிடைக்கும். நோட்டு இல்லாவிட்டால் பில் ஃபைலில் கிடைக்கும். அந்த இரண்டு வருஷப் பட்டியல்தான் ஒப்பிடுவதற்கான அளவுகோல். நகலெடுத்துக் கடிதத்தோடு வைத்துவிடலாம். பழுதின் சரித்திரத்தை மறைத்தால் விலை குறையும் என்று சிலர் நினைப்பார்கள். குறையத்தான் செய்யும். ஆனால் அப்படிக் குறைத்துச் சொன்னவர் பின்னால் ஒவ்வொரு பழுதுக்கும் 'இது முன்னாடியே இருந்த கோளாறு சார்' என்பார்.

ஒரு உதாரணக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணாநகர்ப் பக்கம், கீழே கார் நிறுத்துமிடம், அதற்கு மேல் 5 மாடி, 20 வீடுகள், ஒரு லிஃப்ட், வயது 11. அதன் செயலாளர் எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்.

*ஐயா, வணக்கம்.*

*எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் ஒன்றுக்கு ஓராண்டுப் பராமரிப்புக்கான விலைப்புள்ளி கோருகிறோம். லிஃப்டின் விவரமும் கடந்த இரண்டு ஆண்டுகளில் ஏற்பட்ட பழுதுகளின் பட்டியலும் இத்துடன் உள்ளன. இதே கடிதம், இதே இணைப்புகளுடன் வேறு நிறுவனங்களுக்கும் அனுப்பப்படுகிறது.*

*1. விலை தருமுன் தங்கள் டெக்னீஷியன் நேரில் வந்து மெஷின் ரூம், கேபினின் மேற்புறம், பிட் மூன்றையும் பார்க்க வேண்டும். தற்போதுள்ள குறைகளை எழுதித் தர வேண்டும். அவற்றைச் சரிசெய்யும் செலவைப் பராமரிப்புத் தொகையில் சேர்க்காமல் தனியாகக் காட்டவும்.*

*2. இணைப்பில் உள்ள பாகங்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சேரும்' அல்லது 'சேராது' என்று மட்டும் எழுதவும். 'சேராது' எனில், பொருத்தும் கூலியும் வரியும் சேர்த்து அந்தப் பாகத்தின் இன்றைய விலையை எழுதவும். இந்த விலை ஓராண்டுக்கு மாறக் கூடாது. பட்டியலில் இல்லாத பாகங்கள் ஒப்பந்தத்தில் சேர்ந்தவையாகவே கொள்ளப்படும்.*

*3. ஆண்டுக்கு 12 சர்வீஸ். ஒவ்வொரு முறையும் செய்த வேலைகளை எங்கள் நோட்டில் எழுதி, வந்த நேரம், போன நேரம் குறித்து, எங்கள் தரப்பில் ஒருவரிடம் கையெழுத்துப் பெற வேண்டும்.*

*4. லிஃப்டுக்குள் ஆள் சிக்கினால் எத்தனை நிமிடத்தில் வருவீர்கள், லிஃப்ட் வெறுமனே நின்றுபோனால் எத்தனை மணி நேரத்தில் வருவீர்கள் என்பதைத் தனித்தனியே எழுதவும். இரவு 10 மணிக்கு மேல் வரக்கூடிய டெக்னீஷியன் எந்த ஊரில், எந்தப் பகுதியில் தங்கியிருக்கிறார் என்பதையும் தெரிவிக்கவும்.*

*5. கன்ட்ரோலர் போர்டும் டிரைவும் பழுதானால் மாற்று எங்கிருந்து வரும், எத்தனை நாளாகும், அதுவரை தற்காலிக போர்டு தருவீர்களா என்று எழுதவும். ஒப்பந்தம் முடியும்போது கன்ட்ரோலரில் தாங்கள் வைத்த கடவுச்சொல் எதுவும் இருந்தால் எங்களிடம் ஒப்படைக்க வேண்டும்.*

*6. தொகையை வரி நீங்கலாக, வரி, மொத்தம் என மூன்றாகக் காட்டவும். பணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சர்வீஸ் முடிந்தபின் தரப்படும். இரு தரப்பும் 30 நாள் அறிவிப்பில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்.*

*தங்கள் சொந்தப் படிவத்தில் தனி நிபந்தனைகள் இருந்தாலும் இந்தக் கடிதத்தில் கேட்டபடி நிரப்பித் தந்ததே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.*

*இப்படிக்கு, செயலாளர்.*

இந்தக் கடிதத்தின் உயிர் இரண்டாவது பத்தியில் இருக்கிறது. கூட இணைக்கும் பாகங்களின் பட்டியல் நீளமாக இருக்க வேண்டியதில்லை. லிஃப்டில் அடிக்கடி தகராறு பண்ணுவது கதவுதான். ரோலர், கதவு லாக், குறுக்கே ஆள் நின்றால் மூடாமல் தடுக்கும் சென்சார், கதவை இயக்கும் சின்ன மோட்டார் எல்லாம் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை ஓடித் தேய்பவை. அடுத்து, பணத்தைத் தின்பவை: கன்ட்ரோலர் போர்டு, டிரைவ், மெயின் மோட்டார், பிரேக், ரோப், அந்த ரோப் ஓடும் சக்கரம், கேபினோடு மேலும் கீழும் போய்வரும் கேபிள். மூன்றாவது, கரன்ட் போனால் லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்கும் ஏ.ஆர்.டி. என்ற அமைப்பும் அதன் பேட்டரிகளும். இவற்றோடு அலாரம், இன்டர்காம், கேபின் விளக்கு, ஃபேன், பட்டன்கள் என இருபது வரிக்குள் அடங்கிவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். தொகைகள் புரிவதற்காக எடுத்துக்கொண்டவைதான், சந்தை விலை அல்ல. முதல் நிறுவனம் 30,000 ரூபாய், வரி தனி. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 35,400. மூன்றாவது நிறுவனம் 54,000, வரியோடு 63,720. இரண்டாவது சொன்ன 48,000 வரி உட்பட்ட தொகை. பெரும்பாலான குடியிருப்போர் சங்கங்கள் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாத நிலையில் இருப்பதால் வரியும் நம் செலவுதான். வரியைச் சேர்த்து எழுதிய இந்த ஒரு படியிலேயே வரிசையில் இருந்த இடைவெளிகள் மாறுகின்றன.

அடுத்து, நம் நோட்டில் உள்ளபடி ஒரு மோசமான வருஷத்தை எடுத்துக்கொள்வோம். கதவு சென்சார் போனது, ரோலர் செட் மாற்றியது, ஏ.ஆர்.டி. பேட்டரி மாற்றியது, போர்டு ஒன்றைப் பழுது பார்த்தது. நிரப்பி வந்த பட்டியல்களில் இவற்றின் விலை, வரி எல்லாம் சேர்த்து முறையே 10,000, 5,000, 9,000, 14,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனத்தில் நான்கும் 'சேராது'. ஆக 35,400-உடன் 38,000 சேர்ந்து 73,400. இரண்டாவது நிறுவனத்தில் கதவுப் பாகங்கள் சேரும், பேட்டரியும் போர்டும் சேராது. 48,000-உடன் 23,000 சேர்த்தால் 71,000. மூன்றாவதில் பேட்டரி மட்டும் சேராது, 72,720. முப்பதாயிரத்துக்கும் ஐம்பத்து நாலாயிரத்துக்கும் இடையில் இருந்த அகலம் 2,400 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. விலை குறைந்தது என்று நினைத்தது இப்போது விலை கூடியது.

இதை வைத்து முதல் நிறுவனம் ஏமாற்றுகிறது என்று சொல்லிவிடக் கூடாது. அவர் விற்கும் பொருள் வேறு. எதுவுமே கெடாத வருஷத்தில் அவரிடம் 35,400-தான் ஆகும், மற்ற இருவரிடமும் கூடுதலாகக் கட்டியிருப்போம். நாலைந்து வருஷமே ஆன லிஃப்டுக்குப் பாகங்கள் சேராத ஒப்பந்தம் நியாயமான தேர்வு. பதினொரு வருஷ லிஃப்டில், திடீரென்று வீட்டுக்கு இவ்வளவு என்று தனி வசூல் போட முடியாத 20 வீட்டுக் கட்டடத்தில், பாகங்கள் சேர்ந்த ஒப்பந்தமே எனக்குச் சரியாகப் படுகிறது. இருபது வீட்டிலும் சிறப்பு வசூல் கேட்டு அலைந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

ஆனால் அந்த 2,400 ரூபாயை வைத்தும் முடிவு செய்ய முடியாது. ரோப் இன்னும் கணக்கில் வரவில்லை.

லிஃப்டைத் தூக்கும் இரும்பு ரோப் பல மெல்லிய கம்பிகளைப் புரிபுரியாக முறுக்கியது. ஒரு லிஃப்டில் அப்படிப் பல ரோப்கள் இருக்கும், அதனால் ஒன்று அறுந்தவுடன் கேபின் விழுந்துவிடாது. ஆனால் தேய்மானம் ஓசையில்லாமல் நடக்கும். மெஷின் ரூமில் டார்ச் அடித்துப் பார்த்தால் மெல்லிய கம்பிகள் அங்கங்கே அறுந்து சிலிர்த்து நிற்பது தெரியும். புரிகளுக்கு நடுவில் செங்கல் தூள் போலச் சிவப்பாகப் படிந்திருந்தால், ரோப் உள்ளுக்குள் உலர்ந்து துருப்பிடித்துத் தேய்கிறது என்று அர்த்தம். அளந்து பார்த்தால் தடிமனும் குறைந்திருக்கும். மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்ற மாட்டார்கள், மொத்த செட்டையும் மாற்றுவார்கள். அதனால்தான் அது பெரிய செலவு.

பட்டியலில் ரோப்பையும் சக்கரத்தையும் இரண்டு தனி வரிகளாக எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ரோப் அந்தச் சக்கரத்தின் பள்ளங்களில் உட்கார்ந்து, அதன் பிடிமானத்தில்தான் கேபினை இழுக்கிறது. பழைய ரோப்போடு பள்ளமும் தேய்ந்திருக்கும். தேய்ந்த பள்ளத்தில் புது ரோப்பைப் போட்டால் அது சீக்கிரமே கெடும், சில சமயம் வழுக்கவும் செய்யும். 'ரோப் சேரும்' என்று பெரிதாகப் போட்டுவிட்டு, சக்கரத்தைச் 'சேராது' பக்கம் தள்ளும் கொட்டேஷன்கள் வரும். ரோப்பை மாற்றும் நேரத்தில் "சக்கரத்தை மாத்தாம ரோப் போட முடியாது சார்" என்பார்கள். அது தொழில்நுட்ப ரீதியாக உண்மைதான். பில் மட்டும் நம் பக்கம் வந்துவிடும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரோப்பை எந்த நிலையில் மாற்றித் தருவார்கள், யார் அதை முடிவு செய்வார்கள் என்பதையும் கேட்டு எழுதி வாங்க வேண்டும். கடிதத்தின் முதல் பத்தியில் கேட்டபடி மூன்று டெக்னீஷியன்களும் மேலே ஏறிப் பார்த்து ரோப்பின் நிலையை எழுதித் தந்திருந்தால், அதை ஒப்பிட்டாலே பாதி தெளிந்துவிடும். இருவர் 'ஒரு வருஷத்துக்குள் மாற்ற வேண்டும்' என்று எழுதி, ஒருவர் எதுவுமே எழுதாமல் விட்டிருந்தால், அவர் மேலே ஏறிப் பார்க்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

போர்டு விஷயத்தில் வேறொரு கண்ணி இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் லிஃப்டுகளில் கன்ட்ரோலர் அவர்களுடைய சொந்தத் தயாரிப்பாக இருக்கும், வெளிச்சந்தையில் போர்டு எளிதில் கிடைக்காது. உள்ளூர் நிறுவனம் 'போர்டு சேரும்' என்று எழுதினால், பெரும்பாலும் அதைக் கழற்றிப் பழுது பார்த்துத் தருவது என்றுதான் பொருள். அதில் தப்பில்லை, நன்றாகப் பழுது பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் போர்டு வெளியூருக்குப் போய்த் திரும்பும் வரை நாலாவது மாடி முதியவர் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டும். அதற்காகத்தான் தற்காலிக போர்டைப் பற்றியும் நாட்களைப் பற்றியும் ஐந்தாவது பத்தியில் கேட்டிருக்கிறது. கடவுச்சொல் கேட்பதும் இதே காரணத்துக்குத்தான். அது இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் கன்ட்ரோலரைத் தொட முடியாது.

'24 மணி நேர சேவை' என்ற வரி எல்லாக் கொட்டேஷனிலும் இருக்கும். ஆள் சிக்குவதும் லிஃப்ட் நிற்பதும் ஒரே அவசரம் அல்ல. உள்ளே ஒருவர் சிக்கியிருந்தால் அரை மணி, முக்கால் மணிக்குள் ஆள் வர வேண்டும். வரத் தாமதமானால் குடியிருப்பவர்களே கதவை நெம்பி இழுத்து வெளியே கொண்டுவரப் பார்ப்பார்கள். இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும் கேபினிலிருந்து இறங்கும்போது, கேபினுக்குக் கீழே திறந்து கிடக்கும் இடைவெளி வழியாக ஆள் குழிக்குள் விழும் அபாயம் உண்டு. டெக்னீஷியன் திருச்சியிலோ கோயம்புத்தூரிலோ இருந்து வருகிறவர் என்றால் அரை மணி என்பது வெறும் எழுத்து. மதுரைக்குள்ளேயே இருந்தாலும் எந்தப் பக்கம் என்பது முக்கியம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் தல்லாகுளம், கோரிப்பாளையம் வழியே பைக் கூட நுழைய முடியாது. வைகைக்குத் தெற்கே இருக்கும் டெக்னீஷியன் வடகரைக்கு எப்படி வருவார் என்று கேட்பது வீண் கேள்வி இல்லை.

மழையும் அப்படித்தான். எல்லா நிறுவனங்களும் 'தண்ணீர் புகுந்து வரும் பழுது, மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வரும் பழுது சேராது' என்று போடுவார்கள். அதை முழுதாக நீக்கச் சொல்ல முடியாது, அது நியாயமும் இல்லை. 2024 அக்டோபர் கடைசியில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததுபோல ஒரு மழை பெய்தால் லிஃப்டின் பிட் நிரம்பத்தான் செய்யும். பிட்டை உலர்வாக வைப்பதும் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் சங்கத்தின் வேலை. ஆனால் எந்தப் போர்டு எரிந்தாலும் 'வோல்டேஜ் சார்' என்று சொல்லிவிட இடம் தரக் கூடாது. காரணத்தை எழுத்தில் தர வேண்டும், கழற்றிய பாகத்தை நம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் போதும்.

மாத சர்வீஸில் வந்த நேரமும் போன நேரமும் எதற்கு என்று சில நிறுவனங்கள் முகம் சுளிக்கும். பதினைந்து நிமிஷத்தில் கிளம்பியவர் பிட்டில் இறங்கியிருக்க மாட்டார் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். ஏ.ஆர்.டி.யையும் அந்தச் சமயத்திலேயே, மெயின் சுவிட்சை அணைத்து, நம் செக்யூரிட்டி முன்னிலையில் சோதித்துக் காட்டச் சொல்லலாம். பேட்டரி செத்திருந்தால் கேபின் இருந்த இடத்திலேயே நிற்கும்.

விலை குறைவு என்று யாரிடம் கொடுத்தாலும் ஒரு பொறுப்பு மட்டும் கை மாறாது. தமிழ்நாட்டில் லிஃப்டுகளுக்கென்று 1997-இல் சட்டம் வந்தது. அதன்படி லிஃப்டை இயக்க அரசின் மின் ஆய்வுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டியவர் லிஃப்டின் உரிமையாளர்; அடுக்குமாடியில் அந்த இடத்தில் நிற்பது சங்கம். ஆய்வாளர் வரும் நாளில் டெக்னீஷியன் கூட இருக்க வேண்டும், ஆய்வாளர் சொல்லும் குறைகளை ஒப்பந்தத்துக்கு உட்பட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு வரியைக் கடிதத்தில் சேர்ப்பது நல்லது. உரிமக் கட்டணம் சங்கத்துடையது என்றும் அதிலேயே எழுதிவிட்டால் பின்னால் பேச்சு வராது.

பதில்கள் வந்தபின் ஒருவர் நிச்சயம் நம் பட்டியலை விட்டுவிட்டுத் தன் அச்சடித்த படிவத்தையே அனுப்பியிருப்பார். அதை நாமே படித்து 'சேரும், சேராது' என்று நிரப்பக் கூடாது. நாம் நிரப்பியது நம் ஊகம், அது அவரைக் கட்டுப்படுத்தாது. பட்டியலைத் திருப்பி அனுப்பி, இரண்டு நாள் கூடுதலாகக் கொடுத்து, அவர் கையாலேயே நிரப்பச் சொல்ல வேண்டும். அப்போதும் தராதவரை ஒப்பீட்டிலிருந்து விட்டுவிடலாம். மூன்று பட்டியல்களும் நிரம்பிய பிறகு, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டி, கமிட்டியில் குறைந்தது மூன்று பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். விலையை அதற்கு முன்னால் யாரிடமும் போனில் சொல்லிவிடக் கூடாது. பழைய நிறுவனத்துக்குத் தெரிந்தால் அன்று மாலையே 'நாங்களும் அந்த ரேட்டுக்கே பண்றோம்' என்று வருவார்கள், ஆனால் எந்தெந்தப் பாகம் சேரும் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

நிறுவனம் மாறுகிறது என்றால், பழைய ஒப்பந்தத்தின் கடைசி நாளில் புது டெக்னீஷியனை வைத்து லிஃப்டை ஒருமுறை முழுதாகப் பார்த்து, ரோப்பின் தடிமன், பிரேக்கின் நிலை, ஏ.ஆர்.டி. வேலை செய்கிறதா, எந்தக் கதவில் என்ன குறை என்று நோட்டில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பழைய நிறுவனத்தின் ஆளும் அன்று கூட இருந்தால் கடவுச்சொல்லையும் மெஷின் ரூம் சாவியையும் அப்போதே வாங்கிக்கொள்ளலாம்.